பெட்டி ஏறுமா, கப்பல் ஏறுமா?

வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறவர்கள் பொதுவாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கிலோவுக்கு எவ்வளவு ஆகும்?" விமானம், கப்பல், கூரியர் மூன்றுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டு, வருகிற விடையை அடுத்தடுத்து எழுதி வைத்துப் பார்ப்பார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. ஏனென்றால் மூன்று பேரும் மூன்று விதமான அளவுகோலை வைத்திருக்கிறார்கள். விமான நிறுவனம் பெட்டியை எண்ணுகிறது. கப்பல்காரர் இடத்தை அளக்கிறார். கூரியர்காரர் எடையையும் இடத்தையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குகிறார். எனவே நீங்கள் கொண்டுபோகிற பொருள் கனமானதா, பருமனானதா என்பதைப் பொறுத்து ஒரே பொருளுக்கு மூன்று இடத்தில் மூன்று விதமான விலை வரும்.

இதைப் புரிந்துகொள்ளச் சென்னையிலிருந்து டொரன்டோவுக்கு நிரந்தர வசிப்புரிமையோடு கிளம்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன். மகள் வீணை கற்கிறாள். இந்த வீணையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் முடிவைத் தீர்மானிக்கப்போவது அதுதான்.

முதலில், இலவசமாகக் கிடைப்பதை முழுசாகப் பயன்படுத்துவது. கனடா, அமெரிக்கா செல்லும் பயணச்சீட்டுகளில் பெரும்பாலும் பெட்டிக் கணக்குதான். சீட்டில் 2PC என்று இருந்தால் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. 30K என்று இருந்தால் எத்தனை பெட்டியானாலும் மொத்தம் 30 கிலோ. வளைகுடா நாடுகளுக்கு இந்த இரண்டாவது வகைதான் அதிகம். இரண்டு வயது நிரம்பி, தனி இருக்கைக்குச் சீட்டு வாங்கிய குழந்தைக்கும் பெரியவர்களுக்குள்ள அளவே கிடைக்கும். ஆக நம் குடும்பத்துக்கு எட்டுப் பெட்டி, 184 கிலோ. ஒரு பெட்டி மட்டும் தரும் மலிவுச் சீட்டும் உண்டு. ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய் மிச்சம் என்று அதை வாங்கினால் நான்கு பெட்டிக்கான இடத்தை விற்றுவிட்டீர்கள் என்று பொருள். குடிபெயரும்போது சீட்டின் விலையைப் பெட்டிகளோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்து, பெட்டியின் சொந்த எடை. சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் காலியாகவே நான்கு, ஐந்து கிலோ இருக்கும். 23 கிலோவில் அது போனால் 18 கிலோதான் உங்கள் பொருள். ஐந்து அடுக்கு கெட்டி அட்டைப்பெட்டி ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 60, 50, 45 என்ற அளவில் பெட்டி வாங்கினால் கூட்டுத்தொகை 155. சூட்கேஸ் பாதி, அட்டைப்பெட்டி பாதி என்று கொண்டுபோவது நல்லது. இறங்கியபின் அட்டைப்பெட்டியை மடித்துப் போட்டுவிடலாம். காலி சூட்கேஸை வாடகை வீட்டில் எங்கே வைப்பது என்ற தலைவலியும் இல்லை.

எட்டுப் பெட்டியும் நிரம்பியபின் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கலாம். புத்தகங்கள் 70 கிலோ. பாத்திரங்கள், அதாவது வெண்கல உருளி, இரும்பு தோசைக்கல், இட்லிப்பானை, குக்கர் எல்லாம் சேர்த்து 50 கிலோ. பட்டுப்புடவைகள், போர்வைகள், துணிமணி 40 கிலோ. பிறகு வீணை, மரப்பெட்டியோடு 18 கிலோ. பெட்டிகளின் எடையும் இதில் அடக்கம்.

இனி விலை. நான் கீழே தரும் தொகைகள் கணக்கு போட்டுக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் சீட்டிலும் உங்களுக்கு வந்த மதிப்பீட்டிலும் உள்ள எண்களை இவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள். கணக்கின் வழி மாறாது.

விமானத்தில் கூடுதல் பெட்டி ஒன்றுக்கு 15,000 ரூபாய் என்று வைப்போம். இது இணையத்தில் முன்கூட்டியே கட்டும் தொகை. விமான நிலையக் கவுன்டரில் கட்டினால் கூடும். அதுமட்டுமல்ல, முன்பணம் கட்டாத கூடுதல் பெட்டியை, இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, 15,000 என்பது கிலோவுக்கு அல்ல, பெட்டிக்கு. எட்டுக் கிலோ தலையணை அடைத்தாலும் அதே தொகை, 23 கிலோ தோசைக்கல் அடைத்தாலும் அதே தொகை. எனவே காசு கொடுத்து வாங்கும் பெட்டியில் மிகக் கனமான பொருள்தான் போக வேண்டும். ஆனால் 23-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதிக எடைக் கட்டணம் தனியாக வரும். கூடுதல் பெட்டிக் கட்டணத்தோடு இதுவும் சேர்ந்து விழும். அளவு 158 செ.மீ.யைத் தாண்டினால் மூன்றாவதாக ஒரு கட்டணம். 32 கிலோவுக்கு மேல் ஒரே பெட்டியாக இருந்தால், தூக்குகிற தொழிலாளர்களின் முதுகை முன்னிட்டு, அதைப் பயணிப் பெட்டியாகப் பொதுவாக ஏற்கவே மாட்டார்கள்.

வீணையைத் தவிர்த்த 160 கிலோ, ஏழு பெட்டியில் அடங்கும். மொத்தம் 1,05,000 ரூபாய். வீணைப் பெட்டி 140 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் என்றால் கூட்டுத்தொகை 230. ஆகவே ஒரு பெட்டிக் கட்டணமும், பேரளவுக் கட்டணமும். இரண்டாவதும் 15,000 என்று வைத்தால் வீணைக்கு மட்டும் 30,000. விமானக் கணக்கு மொத்தம் 1,35,000 ரூபாய்.

கூரியருக்கு வருவோம். கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுக்கின்றன. வரும் எண்ணைப் 'பரும எடை' என்று கொள்கிறார்கள். தராசு காட்டும் எடை, பரும எடை இரண்டில் எது பெரியதோ அதற்குத்தான் பில். புத்தகப்பெட்டிக்கு இதில் இழப்பில்லை. அது சிறிதாக, கனமாக இருக்கும். துணிப்பெட்டி 60, 50, 45 அளவென்றால் பெருக்கி வகுத்தால் 27 வரும். உள்ளே 20 கிலோதான் இருக்கிறது, காசு 27-க்கு. வீணைக்கு 140, 45, 45 பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் 56.7. பதினெட்டுக் கிலோ வீணைக்கு 57 கிலோவுக்கான பில். தந்தி மீட்டுவதற்கு முன்பே நம் நெஞ்சு அதிரும்.

கிலோவுக்கு 900 ரூபாய் என்று வைத்தால் புத்தகம் 70, பாத்திரம் 50, துணி 54, வீணை 57, மொத்தம் 231 கிலோ. இரண்டு லட்சத்து எட்டாயிரம் ரூபாயை நெருங்குகிறது. குடிபெயர்வுக்குக் கூரியர் ஏற்றதல்ல என்பதே என் கருத்து. மறந்துவிட்டுப் போன சான்றிதழ், ஒரேயொரு சிறிய கனமான பெட்டி, அவசரமாக வேண்டிய ஒன்று, இவற்றுக்கு மட்டும் அது போதும்.

கப்பலுக்கு அளவுகோல் கன மீட்டர். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட இடம் ஒரு கன மீட்டர். தொழிலில் இருப்பவர்கள் இதைச் 'சிபிஎம்' என்பார்கள். முழுக் கன்டெய்னர் எடுக்க வேண்டியதில்லை. பலருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பும் முறை உண்டு, அதை 'எல்சிஎல்' என்பார்கள். இதில் குறைந்தபட்சம் ஒரு சிபிஎம்முக்குப் பணம் கட்ட வேண்டும். ஒரு சிபிஎம்முக்குள் ஆயிரம் கிலோ வரை ஏற்றலாம். வீட்டுச் சாமான் அந்த எடைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆக, எடை நம் கவலையே இல்லை.

வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆள் டேப்பை நீட்டி அளந்துவிட்டுச் சொல்வார்: "எல்லாம் சேர்த்து ஒரு சிபிஎம்ல முடிச்சிடலாம் சார், நாற்பதாயிரம்தான்." நம் கணக்கிலும் புத்தகப்பெட்டிகள் 0.12, பாத்திரம் 0.24, துணி 0.27, வீணை 0.28, மொத்தம் 0.91 சிபிஎம். ஒன்றுக்குள் அடங்குகிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்பதாயிரம் எங்கே வரைக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

பெரும்பாலான மலிவான மதிப்பீடுகள் டொரன்டோ கிடங்கு வாசலோடு நின்றுவிடும். அதற்குப்பின் அங்கே டாலரில் ஒரு பட்டியல் தொடங்கும். துறைமுகக் கையாளுகைக் கட்டணம், கன்டெய்னரைப் பிரிக்கும் கிடங்குக் கட்டணம், ஆவணக் கட்டணம், பிறகு வீட்டுக்குக் கொண்டுவர வேன் வாடகை. இவற்றில் சில சிபிஎம் கணக்கில் வரும், சில நீங்கள் அனுப்புவது ஒரு பெட்டியானாலும் ஐம்பதானாலும் மாறாது. இவற்றை 650 கனடிய டாலர் என்றும், டாலர் 62 ரூபாய் என்றும் வைத்தால் இன்னொரு 40,300. கப்பல் கணக்கு மொத்தம் 80,300 ரூபாய். ஊரில் கட்டிய தொகையைப்போல இன்னொரு மடங்கு அக்கரையில். கப்பலில் அனுப்பியவர்கள் புலம்பும் புலம்பலில் பாதி இந்தப் பட்டியலைப் பற்றியதாகத்தான் இருக்கும். "டொரன்டோவில் நான் கட்ட வேண்டிய எல்லாவற்றையும் தலைப்பு வாரியாக எழுதித் தாருங்கள்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரை விட்டுவிடுங்கள்.

இப்போது மூன்று எண்களும் கையில் இருக்கின்றன: கப்பல் 80,300, கூடுதல் பெட்டி 1,35,000, கூரியர் 2,08,000. கப்பல் என்று முடிவெடுத்துவிடலாம் போலத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

வீணையை எடுத்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். விமானம் 1,05,000-க்கு இறங்கும். கப்பல் இறங்காது, ஏனென்றால் குறைந்தபட்சம் ஒரு சிபிஎம். இன்னும் 45 கிலோவைக் கழித்துவிட்டால் ஐந்து பெட்டி, 75,000 ரூபாய். கப்பலைவிட மலிவு. அத்தோடு சாமான் உங்களோடே வந்து இறங்கும். 45 கிலோவைக் கழிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. 70 கிலோ புத்தகத்தில் திரும்பப் படிக்கப்போவது எத்தனை என்று ஒரு மாலை உட்கார்ந்து பிரித்தால் பாதி குறையும். டொரன்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன.

ஆகவே எல்லைக்கோடு இதுதான்: கப்பலின் மொத்தச் செலவை ஒரு கூடுதல் பெட்டியின் விலையால் வகுங்கள். நம் எண்களில் 80,300-ஐ 15,000 ஆல் வகுத்தால் ஐந்தேகாலுக்குச் சற்று மேல். ஐந்து பெட்டி வரை விமானம், ஆறாவது பெட்டியிலிருந்து கப்பல். மிச்சச் சாமானில் 158 செ.மீ.க்குள் அடங்காத பொருள் ஒன்றிரண்டு இருந்தால் அந்தக் கோடு சட்டென்று கப்பல் பக்கம் சாயும். வீணை, தையல் மெஷின் மேஜை, தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை போன்றவற்றை அனுப்பக் கப்பல்தான் வழி. ஒருமுறை கப்பல் என்று முடிவாகிவிட்டால், மிஞ்சிய இடம் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்த இடம். கனமான புத்தகங்களையும் பாத்திரங்களையும் சூட்கேஸிலிருந்து எடுத்து அதில் போட்டுவிட்டு, விமானப் பெட்டிகளில் முதல் மூன்று மாதத்துக்குத் தேவையானதை வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதம் என்று சொல்லக் காரணம் உண்டு. எல்சிஎல் சரக்கு கன்டெய்னர் நிரம்பும் வரை காத்திருக்கும், வழியில் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறும், கனடாவில் இறங்கியபின் ரயிலில் டொரன்டோவுக்கு வரும். இரண்டு முதல் மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றமில்லை. குளிர்காலத்தில் போய் இறங்குகிறவர் ஸ்வெட்டரைக் கப்பலில் போடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் போடுகிறார்கள்.

எதை அனுப்பவே கூடாது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் வெட் கிரைண்டர். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டை மாற்ற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். ஆனால் ஹெர்ட்ஸை அது மாற்றாது. கிரைண்டர் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைச் சார்ந்தது என்பதால் கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றப் பார்க்கும், மோட்டார் சூடாகும். மிக்ஸி ஓடும், ஆனால் 750 வாட் மிக்ஸிக்கு ஈடுகொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரே நல்ல கனமும் விலையுமாக இருக்கும். இரண்டையும் விட்டுவிடுங்கள். 110 வோல்ட் கிரைண்டர் இங்கிருந்தே வாங்கிப் போகலாம், டொரன்டோவிலும் கிடைக்கும். குக்கர், உருளி, தோசைக்கல்லுக்கு மின்சாரம் பிரச்சினையில்லை. ஆனால் போகிற வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பு என்றால் வெண்கலமும் அலுமினியமும் அதில் சூடேறாது. இரும்புக்கல் சூடேறும்.

வீணையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பழைய தஞ்சாவூர் வீணைகளில் தந்தத்தாலும் மான் கொம்பாலும் பூவேலை செய்திருப்பதுண்டு. அப்படி இருந்தால் இங்கேயே வனவிலங்குச் சட்டத்தில் மாட்டும். பாட்டி வைத்திருந்த வீணை என்றால் வீணை செய்பவரிடம் ஒருமுறை காட்டி, அது பிளாஸ்டிக் வேலைப்பாடுதான் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மரப்பெட்டிக்கும் விதி இருக்கிறது. ஏற்றுமதிக்கான மரப்பெட்டி வெப்பமூட்டியோ மருந்துப் புகையிட்டோ பூச்சி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும், அதற்கான முத்திரை மரத்தில் குத்தியிருக்கும். தெருமுனைத் தச்சர் பழைய பலகையில் அடித்துத் தரும் பெட்டியில் அது இருக்காது. பிளைவுட்டுக்கு இந்த விதி பொருந்தாது, எனவே பிளைவுட் பெட்டியே சுலபம். பெட்டியின் அளவு வீணைக்கு நெருக்கமாக இருக்கட்டும். பேக்கிங் ஆட்கள் தாராளமாகத் தெர்மாகோல் வைத்துப் பெட்டியைப் பெரிதாக்குவார்கள். 0.91 என்று மதிப்பிட்டது கிடங்கில் அளக்கும்போது 1.15 ஆகிவிட்டால் அடுத்த சிபிஎம்முக்கோ அதன் பகுதிக்கோ காசு கேட்பார்கள். வீட்டிலிருந்து வண்டி கிளம்பும் முன் ஒவ்வொரு பெட்டியையும் டேப் வைத்து, அளவு தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இன்சூரன்ஸில் ஒரு நுணுக்கம். நீங்களே கட்டிய பெட்டியில் பொருள் உடைந்தால் பெரும்பாலான கப்பல் காப்பீடுகள் கொடுக்காது. பெட்டியே காணாமல் போனால்தான் கொடுக்கும். உடையக்கூடியதை மட்டுமாவது பேக்கிங் ஆட்களைக் கொண்டு கட்டுங்கள், பேக்கிங் பட்டியலில் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

கனடாவில் சுங்க வேலை நீங்கள் தரையிறங்கும் அன்றைக்கே தொடங்குகிறது. சாமான் மூன்று மாதம் கழித்துத்தானே வருகிறது என்று அன்றைக்குச் சும்மா இருந்துவிடக் கூடாது. கையோடு கொண்டுவந்தவை ஒரு பட்டியல், பின்னால் வருபவை ஒரு பட்டியல் என்று இரண்டையும் இரண்டிரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். பொருள், தோராய மதிப்பு, பிராண்டு இருந்தால் அதுவும் எழுதியிருக்க வேண்டும். நகைகளையும் பட்டியலில் சேர்த்து, போட்டோவும் மதிப்புச் சான்றும் வைத்திருங்கள். நகை கையோடுதான் வர வேண்டும், கப்பலில் அல்ல. விமான நிலைய சுங்க அதிகாரி பட்டியலைப் பார்த்துப் பி.எஸ்.எஃப் 186 என்ற படிவத்தைப் போட்டு முத்திரை குத்தித் தருவார். அதில் 'பின்னால் வருபவை' என்ற பட்டியல் இடம்பெறாமல் போனால், சாமான் வரும்போது வரியில்லாமல் எடுப்பது பெரும்பாடாகிவிடும். பொருள் நீங்கள் அங்கே போகும் முன்பே உங்களுக்குச் சொந்தமாக இருந்து, பயன்படுத்தியதாகவும் இருக்க வேண்டும். கப்பலுக்கென்றே வாங்கி, சீல் பிரிக்காமல் அனுப்பும் புதுப் பொருளுக்கு இந்தச் சலுகை கிடைக்காது. வரியின்றி வந்த பொருளைப் பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் அப்போது வரி கட்ட வேண்டும்.

கப்பல் பெட்டியில் உணவுப்பொருள் எதுவும் வேண்டாம். ஊறுகாய், கருவாடு, நெய், மூலிகைப்பொடி, மண் ஒட்டிய அம்மிக்கல், இவைதான் சோதனையை வரவழைக்கும். சோதனைக்கான செலவு சரக்குக்காரருடையது. எல்சிஎல் கன்டெய்னரில் வேறொருவர் பெட்டிக்காகச் சோதனை நடந்தாலும், செலவை எல்லோருக்கும் பங்கு பிரிப்பதுண்டு.

சரக்கு வந்ததும் அங்குள்ள முகவரிடமிருந்து வருகை அறிவிப்பு மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ வரும். அதனால் இங்கே கொடுக்கும் மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி எண்ணும் அங்கே வேலை செய்பவையாக இருக்க வேண்டும். சென்னை எண்ணைக் கொடுத்துவிட்டு, அந்த சிம்மை இங்கேயே விட்டுப் போனவர்களுக்கு அறிவிப்பு போய்ச் சேராது. அறிவிப்பு வந்ததும் முகவரின் கட்டணத்தைக் கட்டி ஆவணத்தை வாங்கி, முத்திரை குத்திய பட்டியலோடும் பாஸ்போர்ட்டோடும் சுங்க அலுவலகத்துக்குப் போய் விடுவிப்பு முத்திரை வாங்க வேண்டும். பிறகுதான் கிடங்கு. கிடங்கில் சில நாட்கள்தான் இலவசம், அதற்குப்பின் நாள் கணக்கில் வாடகை ஓடும். சுங்க அலுவலகமும் கிடங்கும் வார இறுதியில் திறந்திருக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் வரும் அறிவிப்பில் இலவச நாட்கள் இரண்டு அங்கேயே போய்விடும். வேனை விடுவிப்பு முத்திரை கைக்கு வந்தபின் பதிவு செய்யுங்கள், அதற்கு முன் அல்ல. வீணைப்பெட்டி 140 செ.மீ. நீளம் என்பதை வேன்காரரிடம் சொல்லிவிடுங்கள்.